முழங்கையில் வெட்டாதீர்கள்: போர்ட்ரெய்ட் படங்களை க்ராப் செய்வது பற்றி ஓர் எளிய விளக்கம்

ஒருவர் நேராக நிற்கும் முழு உருவப் படம் ஒன்று நம்மிடம் இருக்கிறது. அதை வாட்ஸாப் முகப்புப் படமாக வைக்கச் சதுரமாக வெட்டுகிறோம். இன்ஸ்டாகிராமுக்காக 4:5 அளவில் இன்னொரு முறை வெட்டுகிறோம். முகம் தெளிவாக இருக்கிறது, வெளிச்சமும் நன்றாக இருக்கிறது, இருந்தும் வெட்டிய படத்தில் ஏதோ உறுத்துகிறது. உற்றுப் பார்த்தால் காரணம் பெரும்பாலும் முகத்தில் இருக்காது, படத்தின் ஓரத்தில் இருக்கும். கை முழங்கையோடு நின்றிருக்கும், அல்லது கால் கணுக்காலோடு முடிந்திருக்கும்.

மூட்டில் வெட்டக் கூடாது என்பது ஸ்டூடியோக்காரர்கள் காலகாலமாகச் சொல்லும் விதி. கழுத்து, முழங்கை, மணிக்கட்டு, இடுப்பு, முழங்கால், கணுக்கால், விரல் கணுக்கள் ஆகிய இடங்களைத் தவிர்த்துவிட்டு, இரண்டு மூட்டுகளுக்கு நடுவே வெட்ட வேண்டும். விதி சின்னதுதான். ஆனால் அதை மனப்பாடம் செய்தவர்கள்கூடப் படத்தின் வடிவம் மாறும்போது தடுமாறுகிறார்கள். ஏன் தடுமாறுகிறார்கள் என்பதைத்தான் இங்கே கொஞ்சம் விரிவாகப் பார்க்கப் போகிறோம்.

மூட்டில் வெட்டினால் ஏன் உறுத்துகிறது

முன்கையை நினைத்துக்கொள்ளுங்கள். அதன் இரு ஓரக் கோடுகளும் முழங்கையில் தொடங்கி மணிக்கட்டை நோக்கி மெல்லக் குறுகிக்கொண்டே போகின்றன. அந்தக் கோடுகள் பாதி வழியில் இருக்கும்போது படத்தின் ஓரம் வந்து வெட்டினால், அவை வெளியே தொடர்ந்து போவதாகவே கண் எடுத்துக்கொள்கிறது. கை படத்துக்கு வெளியே இருக்கிறது என்று நாம் யோசிக்காமலே ஏற்றுக்கொள்கிறோம். மணிக்கட்டிலேயே வெட்டினால் கதை வேறு. அங்கே கை ஏற்கெனவே குறுகி முடிந்து, அடுத்த உறுப்பு தொடங்கப் போகிறது. ஓரக் கோடு எந்தத் திசையில் போகும் என்பதற்கு அங்கே தடயம் இல்லை. ஆகவே கண் அங்கேயே நின்றுவிடுகிறது, உறுப்பும் அங்கேயே முடிந்துவிட்டதுபோலத் தெரிகிறது. முழங்கையும் முழங்காலும் இதே வகைதான். மடங்கக்கூடிய இடம் என்பதால், அதற்குப் பிறகு கை எந்தப் பக்கம் போயிருக்கும் என்று ஊகிக்க முடிவதில்லை.

படத்தின் ஓரத்துக்கு வெளியே இருப்பதை மனம் தானாக நிரப்பிக்கொள்கிறது என்பதற்கு உளவியலில் ஒரு சோதனை உண்டு. ஹெலீன் இன்ட்ராப், மைக்கேல் ரிச்சர்ட்சன் இருவரும் 1989-இல் வெளியிட்டது. நெருக்கமாக எடுத்த படங்களைச் சிலருக்குக் காட்டிவிட்டு, பிறகு நினைவிலிருந்து வரையச் சொன்னார்கள். வரைந்தவர்கள் படத்தில் இல்லாத ஓரப் பகுதியையும் சேர்த்தே வரைந்தார்கள். அந்தச் சோதனை மூட்டுகளைப் பற்றியது அல்ல. ஆனால் ஓரத்துக்கு அப்பாலும் காட்சி நீள்கிறது என்று மனம் எடுத்துக்கொள்வதை அது நன்றாகக் காட்டுகிறது. நல்ல க்ராப் அந்த இயல்புக்கு வழிவிடுகிறது. மூட்டில் வெட்டிய க்ராப் அதற்குக் குறுக்கே நிற்கிறது.

இதோடு இன்னொரு காரணமும் சேர்ந்துகொள்கிறது. உடம்பின் அகலமான இடத்தில், குறிப்பாக இடுப்புக்குக் கீழே எலும்பு புடைத்திருக்கும் இடத்தில் வெட்டினால் ஆள் இருப்பதைவிடப் பருமனாகத் தெரிவார். அதற்குக் கீழே தொடை குறுகுவது படத்தில் இல்லாததால், அந்த அகலமே கீழே வரைக்கும் தொடர்வதாகக் கண் நினைக்கிறது. குறுகத் தொடங்கிய பிறகு வெட்டினால் இந்தச் சிக்கல் வராது.

ஒரு கோடு, பல உறுப்புகள்

மூட்டு விதியைச் சொல்பவர்கள் கையைத் தனியாகவும் காலைத் தனியாகவும் சொல்லிவிட்டுப் போவார்கள். முன்கையின் நடுவில் வெட்டலாம், தொடையின் நடுவில் வெட்டலாம் என்று. ஆனால் படத்தின் கீழ் ஓரம் ஒரு நேர்க்கோடு. அது கையை மட்டும் வெட்டிவிட்டுப் போகாது. அதே உயரத்தில் உடம்பில் என்ன இருக்கிறதோ அதையும் சேர்த்துத்தான் வெட்டும். என் பார்வையில், தொடங்குபவர்கள் முதலில் புரிந்துகொள்ள வேண்டியது இதைத்தான்.

கண்ணாடி முன் கைகளைத் தொங்கவிட்டு நின்று பாருங்கள். முழங்கை ஏறத்தாழ இடுப்பின் ஒடுங்கிய பகுதிக்கு நேராக வரும். மணிக்கட்டு தொடை தொடங்கும் இடத்துக்குப் பக்கத்தில் இருக்கும். விரல் நுனி தொடையின் நடுவைத் தொடும். இப்போது விதியைத் திரும்ப எடுத்துக்கொள்ளுங்கள். தொடையின் நடுவில் வெட்டு என்கிறது. அங்கே வெட்டினால் விரல் நுனிகள் போய்விடும். முன்கையின் நடுவில் வெட்டு என்கிறது. அங்கே வெட்டினால் உடம்பில் கோடு விழுவது இடுப்பு அகலமாகிக்கொண்டு வரும் இடத்தில். ஒரு உறுப்புக்கு நல்லதாக இருக்கும் கோடு இன்னொன்றைக் கெடுக்கிறது.

ஆகவே தொங்கும் கைகளோடு நேராக நிற்பவருக்கு, இரண்டுக்கும் பொருந்தும் இடங்கள் சிலதான் மிஞ்சுகின்றன. மேலே இருந்து வந்தால் முதல் இடம் மேற்கையின் நடு, அதாவது தோளுக்கும் முழங்கைக்கும் இடையே. உடம்பில் அது மார்புப் பகுதி. இது எப்போதும் பத்திரமான இடம். அடுத்தது முன்கையின் நடு. மெலிந்தவருக்குப் பரவாயில்லை, மற்றவர்களுக்கு யோசிக்க வேண்டும். அதற்கடுத்து விரல் நுனிக்கும் முழங்காலுக்கும் இடையே ஒரு சின்ன இடைவெளி இருக்கிறது. கை முழுவதும் படத்துக்குள் வந்துவிடும், முழங்கால் வெளியே போய்விடும். நின்ற படத்துக்கு எனக்கு மிகவும் பிடித்த கோடு இதுதான். அதற்கும் கீழே முழங்காலுக்கும் கணுக்காலுக்கும் நடுவே வெட்டலாம். அப்புறம் வெட்டாமல் பாதத்தோடு, கீழே கொஞ்சம் தரையும் தெரிய முழுதாக வைக்கலாம்.

ஓவியர்களுக்கு இது வேறு விதமாகத் தெரிந்திருந்தது. 18-ஆம் நூற்றாண்டுத் தொடக்கத்தில் லண்டனில் கிட்-கேட் என்ற சங்கத்தின் உறுப்பினர்களை காட்ஃப்ரி நெல்லர் ஒவ்வொருவராக வரைந்தார். 36-க்கு 28 அங்குலத் துணியில், தலை, தோள், கூடவே ஒரு கை தெரியும் அளவுக்கு வரைந்த அந்தப் படங்களால் அந்த அளவுக்கே கிட்-கேட் என்று பெயர் நிலைத்துவிட்டது. சட்டகத்தின் அளவைச் சொன்னாலே ஆள் எதுவரைக்கும் வருவார் என்று தெரிந்துவிடும். நம்மூர் ஸ்டூடியோக்களில் ஆஃப் சைஸ், ஃபுல் சைஸ் என்று சொல்வதும் அப்படித்தான். இன்று நாம் தலைகீழாகப் போகிறோம். முதலில் படம் எடுத்துவிட்டு, பிறகு எந்த ஆப் எந்த வடிவம் கேட்கிறதோ அதற்கு வெட்டுகிறோம்.

ஒரே படம், நான்கு வடிவங்கள்

வெட்டும்போது என்ன நடக்கிறது என்று எண்களை வைத்தே பார்த்துவிடலாம். கேமராவைச் செங்குத்தாகப் பிடித்து எடுத்த படம் ஒன்று. அகலம் 4000 பிக்சல், உயரம் 6000 பிக்சல். பெரும்பாலான டிஎஸ்எல்ஆர், மிரர்லெஸ் கேமராக்கள் தரும் 2:3 வடிவம். அதில் 170 செ.மீ. உயரமுள்ள ஒருவர் சட்டையும் பேண்ட்டும் அணிந்து, கைகளைத் தொங்கவிட்டு, நடுவில் நிற்கிறார். மேல் ஓரத்திலிருந்து எண்ணினால் தலை உச்சி 500-ஆவது பிக்சலில், பாதம் 5600-இல். ஒரு சென்டிமீட்டருக்கு 30 பிக்சல். அப்படியானால் அவருடைய தாடை ஏறத்தாழ 1180-இல் வரும். முழங்கை 2450, மணிக்கட்டு 3200, விரல் நுனி 3730, முழங்கால் 4240, கணுக்கால் 5300. எல்லாருக்கும் இதே கணக்கு வராது, ஆனால் இந்த விகிதத்துக்கு அருகில்தான் பெரியவர்கள் பலரும் இருப்பார்கள்.

தலைக்கு மேல் கொஞ்சம் காற்று விட்டு, மேல் ஓரத்தை 300-இல் வைக்கலாம். ஆப்பில் 4:5 என்று தேர்ந்தெடுத்தால், அது அகலத்தை முழுதாக வைத்துக்கொண்டு முடிந்தவரை பெரிய பெட்டியைத் தரும். 4000 அகலத்துக்கு 5000 உயரம். 300-இல் தொடங்கிய பெட்டி 5300-இல் முடிகிறது. அது சரியாகக் கணுக்கால்.

சதுரம் கேட்டால் பெட்டி 4000-க்கு 4000. கீழ் ஓரம் 4300. முழங்காலுக்கு இரண்டு சென்டிமீட்டர் கீழே. கிடைமட்டமான 16:9 கேட்டால் 4000-க்கு 2250, கீழ் ஓரம் 2550. முழங்கையைத் தாண்டி மூன்று சென்டிமீட்டர்தான். மூன்று வடிவங்களும் மூன்று மூட்டுகளில் போய் விழுந்திருக்கின்றன. வேறு படத்தில் வேறு இடங்களில் விழலாம். ஆனால் ஆப் தரும் மிகப் பெரிய பெட்டிக்கு உடம்பைப் பற்றி எதுவும் தெரியாது என்பது எல்லாப் படத்துக்கும் பொருந்தும். பெட்டியைச் சுருக்க வேண்டியது நம் வேலை. பிக்சல் வீணாகிறதே என்று தயங்க வேண்டாம். இந்தப் படத்தில் வெட்டிப் போடுவதற்கு நிறையவே இருக்கிறது.

4:5-ஐ முதலில் எடுத்துக்கொள்வோம். முழு உருவமும் வேண்டும் என்றால் இந்தப் படத்தில் முடியாது. ஆளின் உயரமே 5100, பெட்டியின் உயரம் 5000. ஆகவே மேலே ஏற வேண்டும். விரல் நுனி 3730, முழங்கால் 4240. நடுவே 510 பிக்சல் இடைவெளி. கோட்டை 3980-இல் வைத்தால் இரண்டு பக்கமும் 250-க்குக் குறையாமல் இடம் கிடைக்கிறது. 300-இலிருந்து 3980 வரை உயரம் 3680, அதற்கு 4:5 அகலம் 2944. கைகளோடு சேர்த்து ஆளின் அகலம் 1500 போலத்தான் இருக்கும் என்பதால் பக்கவாட்டில் தாராளம். கை முழுதாக இருக்கிறது, தொடை குறுகிக்கொண்டே வெளியே போகிறது, ஆள் நிற்கிறார் என்பதும் தெரிகிறது. 8-க்கு 10 அங்குலப் பிரிண்ட்டும் இதே 4:5 வடிவம்தான். அச்சுக்கு வழக்கமான 300 டிபிஐ, அதாவது ஓர் அங்குலத்துக்கு 300 பிக்சல் என்ற கணக்கில் அதற்கு 2400-க்கு 3000 பிக்சல் போதும், ஆகவே சுருக்கிய பிறகும் குறைவில்லை.

சதுரத்துக்கு வருவோம். சதுரம் அகலமான வடிவம். நிற்கும் மனிதர் ஒல்லியான வடிவம். சதுரத்துக்குள் நிற்பவரைத் தொடை வரைக்கும் வைத்தால் இரு பக்கமும் வெறும் சுவர்தான் நிறையும், முகம் சிறுத்துப் போகும். ஆகவே சதுரத்துக்கு மேற்கையின் நடுதான் இயல்பான இடம். இந்தப் படத்தில் தோள் 1450, முழங்கை 2450, நடு 1950. 300-இலிருந்து 1950 வரை 1650 பிக்சல். 1650-க்கு 1650 சதுரத்தில் தலை ஐந்தில் இரண்டு பங்கு உயரத்தைப் பிடிக்கிறது, கண்கள் மேலிருந்து மூன்றில் ஒரு பங்கில் வந்து அமர்கின்றன. இதையே வாட்ஸாப் வட்டமாகக் காட்டும்போது நான்கு மூலைகளும் போய்விடும். தோள் உயரத்தில் வட்டத்தின் அகலம் 1500 பிக்சல் இருக்கிறது, தோள்களின் அகலம் 1300 போல. தோள் முனைகள் மயிரிழையில் தப்பாமல், கொஞ்சம் இடத்தோடு உள்ளே நிற்கின்றன. இதைவிட நெருக்கிச் சதுரமாக வெட்டியிருந்தால் வட்டம் தோளின் மூட்டிலேயே விழுந்திருக்கும். முகப்புப் படத்துக்கு வெட்டும்போது சதுரத்தை மட்டும் பார்த்து முடிவு செய்யாமல், உள்ளே ஒரு வட்டத்தைக் கற்பனை செய்து பார்ப்பது நல்லது.

நெட்டையான 9:16, அதாவது ஸ்டேட்டஸ் வடிவம், நிற்பவருக்கு என்றே அமைந்த மாதிரி. 6000 உயரத்துக்கு 3375 அகலம். முழு ஆளும் உள்ளே வந்துவிடுகிறார், எங்கேயும் வெட்டத் தேவையில்லை. மேலே பெயரும் கீழே பதில் எழுதும் பெட்டியும் படத்தின் மேல் ஏறி நிற்கும் என்பதால், தலைக்கு மேல் 500, பாதத்துக்குக் கீழ் 400 என்று இருக்கும் இடத்தை அப்படியே விட்டுவைக்கலாம். இந்த வடிவத்தில் ஆபத்து கீழே இல்லை, பக்கத்தில் இருக்கிறது. இடுப்பில் கை வைத்து நின்றிருந்தால் முழங்கையின் முனை ஓரத்துக்கு வந்துவிடும். முனை ஓரத்தை உரசிக்கொண்டு நிற்பதும், முனை மட்டும் சீவப்படுவதும் ஒரே அளவுக்கு மோசம். ஒன்று, முழங்கைக்கு வெளியே தெளிவாகத் தெரியும் அளவுக்கு இடம் வேண்டும். இல்லையென்றால் எடுக்கும்போதே உடம்பைக் கொஞ்சம் திருப்பி நிற்கச் சொல்ல வேண்டும். முழங்கை பக்கவாட்டில் நீளாமல் கேமராவை நோக்கி வந்துவிடும்.

16:9 கிடைமட்டம்தான் கஷ்டம். முழங்கையிலிருந்து தப்பிக்கக் கீழே இறங்கலாம் என்று முன்கையின் நடுவான 2830 வரை போனால் உயரம் 2530 ஆகிறது. அதற்குத் தேவையான அகலம் ஏறத்தாழ 4500. நம்மிடம் இருப்பதோ 4000. முடியாது. ஆகவே மேலேதான் ஏற வேண்டும். 1950-இல் வெட்டினால் உயரம் 1650, அகலம் 2933. மார்பளவு படம், இரு பக்கமும் நிறைய வெற்றிடம். அவர் ஒரு பக்கம் பார்க்கிறார் என்றால் நடுவில் வைக்காமல், பார்க்கும் திசையில் அதிக இடம் விட்டு வெட்டலாம். இந்த வடிவம் வேண்டும் என்று முன்பே தெரிந்திருந்தால் கேமராவைக் கிடைமட்டமாகப் பிடித்து எடுப்பதுதான் சரி.

கைகளை நகர்த்தினால் கோடு விடுதலையாகும்

மேலே பார்த்த சிக்கல்களில் பாதிக்கும் மேல் கைகள் தொங்குவதால் வந்தவை. கையை மடக்கிவிட்டால் உடம்பின் வரைபடமே மாறிவிடுகிறது. மார்புக்குக் குறுக்கே கை கட்டிக்கொண்டால் முழங்கையும் மணிக்கட்டும் வயிற்றுக்கு மேலேயே அடங்கிவிடும். அதற்குக் கீழே இடுப்பின் ஒடுங்கிய பகுதிக்குச் சற்று மேலேயோ, தொடையின் நடுவிலோ எங்கே வேண்டுமானாலும் வெட்டலாம். கையைப் பேண்ட் பைக்குள் விட்டால் விரல்கள் கணக்கிலிருந்து நீங்கிவிடுகின்றன, தொடை நடு திறந்துவிடுகிறது. ஆனால் பையில் இருக்கும் கையை மணிக்கட்டுக்குப் பக்கத்தில் வெட்டிவிடக் கூடாது. பையின் விளிம்பு ஏற்கெனவே ஒரு முறை கையை வெட்டியிருக்கிறது, படத்தின் ஓரமும் அங்கேயே வெட்டினால் உள்ளே கை இருப்பதே தெரியாது.

கையை முகத்தருகே கொண்டுவந்தவர்களுக்கு ஒரு தனி எச்சரிக்கை. கன்னத்தில் விரல் வைத்திருக்கிறார், முழங்கை படத்துக்குக் கீழே போய்விட்டது, முன்கை மட்டும் எங்கிருந்தோ முளைத்து வருகிறது. அந்தக் கை யாருடையது என்று ஒரு நொடி குழப்பம் வரும். இப்படிப்பட்ட படத்தில் முழங்கை உள்ளே இருக்குமாறு கீழே இறங்கி வெட்டுங்கள். முடியாவிட்டால், தோளிலிருந்து கை இறங்கும் கோடாவது தெளிவாகத் தெரியட்டும். விரல்களைப் பொறுத்தவரை நான் சமரசமே செய்வதில்லை. ஒரு விரல் நுனி போயிருந்தாலும் கண் அங்கேதான் போய் நிற்கும். கை தெரிந்தால் முழுக் கையும் தெரிய வேண்டும், இல்லையென்றால் முன்கையோடு கையை மொத்தமாக வெளியே விட்டுவிட வேண்டும்.

முகத்தை நெருங்கிப் போகும்போது விதி கொஞ்சம் திரும்புகிறது. தலை உச்சியை வெட்டலாம், தாடையை வெட்டக் கூடாது. முகத்தின் வடிவத்தைத் தீர்மானிப்பது தாடைக் கோடு. அது போனால் முகம் முடியாமல் நிற்கும். உச்சியில் இருப்பது முடி. அது மேலே தொடர்வதை மனம் தானாக நிரப்பிக்கொள்ளும். ஆனால் வெட்டினால் துணிந்து வெட்ட வேண்டும். உச்சியில் முடியை லேசாக உரசினால் தவறுதலாகப் போய்விட்டது போலத் தெரியும். முடி தொடங்கும் வரம்பில் வெட்டினால் நெற்றிக்கு மேல் தலையே இல்லாததுபோல இருக்கும். இரண்டுக்கும் நடுவே, முடிப் பகுதிக்குள் வெட்டுங்கள். கீழே கழுத்தோடு நிறுத்தாமல் தோளின் சரிவு கொஞ்சமாவது தெரிய விடுங்கள், தலை எதன்மேல் நிற்கிறது என்பதற்கு அது தேவை. ஆவணங்களுக்கான படங்கள் மட்டும் இதற்கு விலக்கு. அங்கே தலை முழுதாகத் தெரிய வேண்டும், அளவையும் அவர்களே சொல்லிவிடுகிறார்கள். அமெரிக்க விசாவுக்கு 2 அங்குலச் சதுரத்தில் தலையின் உயரம் 1 அங்குலத்திலிருந்து 1⅜ அங்குலத்துக்குள் இருக்க வேண்டும் என்பதுபோல.

சேலை, அரைமண்டி, குழந்தைகள்

உடை மூட்டை மறைத்துவிட்டால் விதியின் ஒரு பாதி தளர்ந்துவிடுகிறது. சேலையிலும் எட்டு முழ வேட்டியிலும் முழங்கால் எங்கே இருக்கிறது என்று கண்ணுக்குத் தெரிவதில்லை. கொசுவ மடிப்புகள் மேலிருந்து கீழே ஓடும் நீண்ட கோடுகள். அவற்றை முழங்கால் உயரத்தில் வெட்டினாலும் உறுத்தாது, கோடுகள் வெளியே ஓடிப்போவதாகத்தான் தெரியும். ஆனால் இடுப்பின் அகலம் மறைவதில்லை, ஆகவே அங்கே வெட்டக் கூடாது என்பது அப்படியே இருக்கிறது. சேலையில் கணுக்காலின் இடத்தை அடிக்கரை எடுத்துக்கொள்கிறது. கரையின் பாதியை வெட்டினால் அதே உறுத்தல் வரும். ஒன்று கரையும் பாதமும் தரையும் முழுதாக வரட்டும், இல்லையென்றால் கரைக்கு நன்றாக மேலே ஏறிவிடுங்கள். முந்தானை முனைக்கும், முன்பக்கம் எடுத்துவிட்ட பின்னலுக்கும் இதையே சொல்லலாம். குஞ்சம் மட்டும் போய்விட்ட பின்னல் பரிதாபமாக இருக்கும்.

உட்கார்ந்திருப்பவரின் வரைபடம் வேறு. சம்மணமிட்டு உட்கார்ந்தால் முழங்கால்கள் இரு பக்கமும் நீண்டு, உடம்பின் அகலமான இடமாகிவிடுகின்றன. நிற்பவருக்குப் பொருந்தாத சதுரம் இங்கே அழகாகப் பொருந்தும், நெட்டையான 9:16 இரண்டு முழங்காலையும் சீவிவிடும். 9:16-தான் வேண்டுமென்றால் மார்பளவுக்கு ஏறிவிடுவதே வழி. நாற்காலியில் நேராக உட்கார்ந்திருப்பவரை முழங்காலில் வெட்டினால், கேமராவை நோக்கி வரும் தொடை குட்டையாகத் தெரியும். கெண்டைக்காலின் நடு வரை இறங்குங்கள், இல்லையென்றால் இடுப்பின் ஒடுங்கிய பகுதிக்கு மேலே போய்விடுங்கள்.

பரதநாட்டியப் படங்களில் நான் எதையும் வெட்ட விரும்புவதில்லை. அரைமண்டியில் முழங்கால்கள் இரு பக்கமும் திறந்து, கைகள் தோள் உயரத்தில் நீண்டிருக்கும்போது ஆடுபவரின் அகலம் உயரத்துக்கு இணையாகவே வந்துவிடுகிறது. அந்த நிலையின் வடிவம் முழுவதும் மூட்டுகளால்தான் ஆனது. முத்திரை பிடித்த விரலோ சலங்கை கட்டிய காலோ வெளியே போனால் படத்தில் நடனம் மிஞ்சாது. முகபாவம்தான் வேண்டும் என்றால் கைகளை மொத்தமாக வெளியே விட்டு முகத்துக்கு நெருங்கிவிடலாம். நடுவில் எங்கேயும் நிற்க முடியாது.

சிறு குழந்தைகளுக்கு வேறு சிக்கல். தலை பெரியது, கைகால்கள் குட்டை. இரண்டு மூட்டுகளுக்கு நடுவே கோடு வைப்பதற்கு இடமே சில விரற்கடைதான் இருக்கும். கோடு கொஞ்சம் நகர்ந்தாலும் ஒரு மூட்டில் விழும். ஆகவே குழந்தைகளை முழுதாக வைப்பது அல்லது மார்புக்கு மேலே போவது என்று இரண்டில் ஒன்றைத் தேர்ந்தெடுத்துக்கொள்வது எளிது. குழுப் படத்தில் ஒருவரின் தொடை நடு இன்னொருவரின் முழங்காலாக இருக்கும். எல்லாருக்கும் பொருந்தும் கோடு கிடைக்காது. அங்கே நடுவில் நிற்பவர்களுக்குப் பொருந்துமாறு வைத்துவிட்டு, ஓரத்தில் நிற்பவர்களின் கைகள் மட்டும் முழுதாக இருக்கின்றனவா என்று பார்த்தால் போதும்.

எடுக்கும்போதும் அச்சிடும்போதும்

வெட்டுவதற்கு இடம் வேண்டுமென்றால் எடுக்கும்போது கொஞ்சம் தள்ளி நின்று எடுக்க வேண்டும். மேலே பார்த்த படத்தில் 16:9-க்கு அகலம் போதாமல் போனது நினைவிருக்கலாம். ஒரே படம் பல வடிவங்களில் போகப் போகிறது என்றால், இரு பக்கமும் தேவைக்கு மேல் இடம் விட்டு ஒரு படம், அதே நிலையில் மார்பளவுக்கு நெருங்கி ஒரு படம் என்று இரண்டாக எடுத்துவிடுங்கள். எடுக்கும்போதே பார்வையை முகத்திலிருந்து விலக்கி, திரையின் நான்கு ஓரங்களையும் ஒரு முறை சுற்றிப் பாருங்கள். எந்த ஓரத்தில் எந்த உறுப்பு வெட்டுப்படுகிறது என்பது அப்போதே தெரிந்துவிடும், கையை நகர்த்தச் சொல்லவும் நேரம் இருக்கும்.

க்ராப் செய்யும்போது மூலப் படத்தின் மேலேயே சேமித்துவிட வேண்டாம், நகலாகச் சேமியுங்கள். போட்டோஷாப்பில் க்ராப் கருவியை எடுத்ததும் மேலே Delete Cropped Pixels என்று ஒரு கட்டம் இருக்கும். அதில் டிக்கை எடுத்துவிட்டு, கோப்பைப் பி.எஸ்.டி. வடிவில் சேமித்தால், வெட்டிய பகுதி மறைந்துதான் இருக்கும், அழியாது. லைட்ரூம் மூலக் கோப்பைத் தொடுவதே இல்லை. வெட்டி முடித்த பிறகு படத்தைத் தபால்தலை அளவுக்குச் சிறிதாக்கிப் பாருங்கள். பெரிதாகப் பார்க்கும்போது முகத்திலேயே நிற்கும் கண், சிறிதாக்கினால் மொத்த உருவத்தையும் பார்க்கும். ஏதாவது குட்டையாக முடிந்திருந்தால் அங்கே தெரியும். சந்தேகமாக இருந்தால் கீழ் ஓரத்தை ஒரு விரற்கடை மேலேயும் ஒரு விரற்கடை கீழேயும் நகர்த்திப் பாருங்கள். இரண்டில் ஒன்று உடனே நிம்மதியாகத் தெரிந்தால், முன்பு இருந்த இடம் மூட்டு.

பிரிண்ட் போடக் கொடுப்பதென்றால் வடிவத்தை நீங்களே வெட்டிக் கொடுங்கள். 4-க்கு 6 அங்குலமும் 8-க்கு 12 அங்குலமும் கேமராவின் 2:3 வடிவம். 5-க்கு 7 கொஞ்சம் குட்டை, 8-க்கு 10 இன்னும் குட்டை. வெட்டாமல் கொடுத்தால் லேபில் இருப்பவர் மேலேயும் கீழேயும் சமமாக வெட்டுவார், அந்தக் கோடு எங்கே விழும் என்பது உங்கள் கையில் இருக்காது. சுவரில் மாட்டும் ஃப்ரேமின் உள்விளிம்பும் ஒவ்வொரு பக்கமும் கால் அங்குலம் வரை படத்தை மூடும். நாம் 3680 பிக்சல் உயரத்தில் வெட்டிய 8-க்கு 10 படத்தில் கால் அங்குலம் என்பது 92 பிக்சல். விரல் நுனிக்குக் கீழே 250 விட்டிருந்ததால் 158 மிஞ்சுகிறது, அதாவது கண்ணாடிக்குள் ஏறக்குறைய அரை அங்குல இடம். நுனியை ஒட்டி வெட்டியிருந்தால் ஃப்ரேம் போட்டதும் விரல்கள் காணாமல் போயிருக்கும்.